பாலை மட்டும் நிறுத்துங்கள், அதுவும் மூன்று வாரம்தான்

வாசகர் கேள்வி:

"எனக்கு வயது 36. குடியாத்தத்தில் இருக்கிறேன். தினமும் காலை பஸ் பிடித்து ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். எட்டு மாதத்துக்கு முன்பு நான்கு நாள் பேதியாகிச் சரியானது. அதிலிருந்து வயிறு உப்புசம், வாயு, காலையில் இரண்டு மூன்று முறை இளகிப் போவது என்று ஓடுகிறது. பஸ்ஸில் உட்காரவே பயமாக இருக்கிறது. கறி, மீன் சாப்பிடாத குடும்பம், முட்டை மட்டும் உண்டு. முன்பு இரவில் ஒரு டம்ளர் பால் குடிப்பேன். இரண்டு மாதமாகப் பால், தயிர், மோர், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இட்லி, சோறு, ரசம், பொரியல், வாரம் இரண்டு நாள் சப்பாத்தி, இவ்வளவுதான். காலையும் மாலையும் காபியை மட்டும் விட முடியவில்லை. தொந்தரவு பாதி குறைந்திருக்கிறது. ஆனால் அசதி, முடி கொட்டுகிறது, ஹீமோகுளோபின் 10.2. மாமியார் கோதுமையையும் நிறுத்திப் பார் என்கிறார். 200 உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை இருக்கிறதாமே, எடுக்கலாமா மேடம்?"

பதில்:

கோதுமையை இப்போது நிறுத்தாதீர்கள் அம்மா. அந்த 200 உணவுப் பரிசோதனைக்கும் பணம் கட்ட வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்லிவிட்டு, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

கோதுமையால் குடலே புண்படுகிற நோய் ஒன்று உண்டு, சீலியாக் என்று பெயர். அதை ரத்தத்தில் கண்டுபிடிக்கலாம். ஆனால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தப் பரிசோதனை உண்மை பேசும். நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தாலும் 'இல்லை' என்று வந்துவிடலாம். அப்புறம் ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். நம் பக்கம் இந்த நோய் அபூர்வம். 2016-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், ரத்தத்தில் இதற்கான அடையாளம் வட இந்தியப் பகுதியில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாக இருந்தது. வேலூர்ப் பக்கத்தில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான். ஆனாலும் ரத்தசோகையும் நாள்பட்ட வயிற்றுத் தொந்தரவும் சேர்ந்து இருப்பதால், டாக்டர் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அதுவரை வாரம் இரண்டு நாள் சாப்பிடுகிற சப்பாத்தியை நாள்தோறும் ஒருவேளை என்று ஆக்கிக்கொள்ள முடியுமா, எத்தனை வாரம் என்று அவரிடமே கேளுங்கள்.

200 உணவுப் பரிசோதனை விஷயம் வேறு. அது ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கிறது. ஒரு உணவை நாம் அடிக்கடி சாப்பிட்டால் அதற்கான ஐஜிஜி இருப்பது இயல்பு. ஆகவே நீங்கள் தினமும் சாப்பிடுகிறவைதான் சிவப்புப் பட்டியலில் வந்து நிற்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அரிசி, உளுந்து, தேங்காய் எல்லாம் நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கங்களே சொல்லியிருக்கின்றன.

இப்போது உங்கள் வயிற்றுக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் மூன்று இடங்கள் எனக்குக் கண்ணில் பட்டன.

ஒன்று, எல்லாம் ஒரு பேதிக்குப் பிறகு தொடங்கியிருக்கிறது. பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்கிற நொதி சிறுகுடலின் உள்பக்கத் தோலில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற நுண்ணிய இழைகளின் நுனியில் இருக்கிறது. பேதி வந்தால் முதலில் உரிந்துபோவது அந்த நுனிதான். தோல் வளர்ந்ததும் நொதியும் திரும்பும், பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்கிருக்கும் கிருமிகள் அதைப் புளிக்கவைக்கும். அதனால் வாயு வரும், தண்ணீரையும் இழுத்துக்கொள்வதால் இளகிப் போகும். தென்னிந்தியப் பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நொதி இயல்பாகவே குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, பால்மீது நீங்கள் சந்தேகப்பட்டது நியாயம்தான். ஆனால் எட்டு மாதம் ஆகிவிட்டது என்பதால் ஜியார்டியா மாதிரியான ஒட்டுண்ணி உள்ளே தங்கிவிட்டதா என்றும் மலப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். அது இருந்தால் மாத்திரையில் போய்விடும், அதற்கு முன்பு செய்கிற எந்த உணவுச் சோதனையும் வீண்.

இரண்டு, பாலை நிறுத்திவிட்டதாக நினைக்கிறீர்கள், ஆனால் நிறுத்தவில்லை. இரண்டு காபியிலும் சேர்ந்து 200 மில்லி பால் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மட்டும் 9, 10 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. அதே நேரம் தயிரை நிறுத்திவிட்டீர்கள். பாலைவிட வயிறு எளிதாக ஏற்றுக்கொள்வது தயிர்தான். உறைகிறபோதே கொஞ்சம் லாக்டோஸ் குறைந்துவிடும், மிச்சத்தை உடைப்பதற்குத் தயிரின் கிருமிகளே நொதியைக் கொண்டுவருகின்றன. இருக்க வேண்டியது போய்விட்டது, போக வேண்டியது இருக்கிறது.

மூன்று, பருப்பை நிறுத்திவிட்டு இட்லி சாப்பிடுகிறீர்கள். இட்லியில் உளுந்து இருக்கிறதே. அது உங்களை ஒன்றும் செய்யவில்லை என்றால் பருப்பு வகை மொத்தத்தையும் சந்தேகப்பட ஆதாரமில்லை. முட்டைமீது சந்தேகம் வர என்ன காரணம் என்றும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தில் முட்டை சாப்பிட்ட நாளில் ஏதாவது ஆனதாக ஒரு வரிகூட இல்லை.

பால், தயிர், முட்டை மூன்றையும் சேர்த்து விட்டால் சைவக்காரர்களுக்கு பி12 வருகிற வழியே அடைபட்டுவிடும். கீரையிலும் பருப்பிலும் அது கிடையாது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் இரண்டு மாதத்தில் ஆபத்து வந்துவிடாது. ஆனால் சேமிப்பே குறைவாக உள்ளவர்கள் நம்மிடையே நிறைய. அசதிக்கும் முடி கொட்டுவதற்கும் இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு, தைராய்டு மூன்றும் காரணமாக இருக்கலாம். ஆகவே டாக்டரிடம் போகும்போது இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின், பி12, தைராய்டுக்கான டிஎஸ்எச், சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை இவற்றைக் கேட்டு வாங்குங்கள். மலத்தில் ரத்தம், தூக்கத்தை விட்டு எழுப்புகிற பேதி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது இவற்றில் ஏதாவது இருந்தால் கீழே சொல்கிற எதையும் தொடங்காமல் நேரே அவரிடம் போய்விடுங்கள். ஏதாவது சாப்பிட்டவுடன் உதடு வீங்குவது, தடிப்பது, மூச்சு முட்டுவது என்று எப்போதாவது ஆகியிருந்தால் அது வேறு வகை ஒவ்வாமை, அதை வீட்டில் சாப்பிட்டுப் பார்த்து உறுதிசெய்யக் கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைத் தாங்களாகச் செய்ய வேண்டாம்.

சரி, இனி வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். இதில் மற்ற எல்லாம் மன்னிக்கப்படும், இது மட்டும் மன்னிக்கப்படாது.

எங்கே தொடங்குவது என்பதை மாதவிலக்கை வைத்துக் கணக்கிடுங்கள். வருவதற்கு முந்தைய ஐந்தாறு நாள் பல பெண்களுக்கு வயிறு தானாகவே உப்பும், வந்த முதல் நாள் இளகிப் போகும். அந்த நாட்களில் பால் குடித்துப் பார்த்தால் பழி பால்மீது விழும். ஆகவே இந்த மாதவிலக்கு முடிந்த மறுநாள் முதல் கட்டத்தைத் தொடங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் பாலை நிறுத்துங்கள். அடுத்த மாதவிலக்கு முடிகிறவரை, ஏறக்குறைய மூன்று வாரம், நிறுத்தம் இருக்கட்டும். அது முடிந்ததும் பாலைத் திரும்பக் குடித்துப் பார்க்கலாம். இரண்டு வாரம் நிறுத்தினாலே லாக்டோஸுக்குப் போதும். மூன்றாவது வாரம் சுழற்சிக்காகச் சேர்ப்பது.

முதல் கட்டத்தில் எதையும் நிறுத்தப் போவதில்லை, திரும்பக் கொண்டுவரப் போகிறோம். காபி இப்போது எப்படியோ அப்படியே இருக்கட்டும். முதல் மூன்று நாள் தினம் ஒரு வேகவைத்த முட்டை. நான்காம் நாளிலிருந்து மதியம் ஒரு சின்னக் கரண்டி பாசிப்பருப்பு, ஆறாம் நாளிலிருந்து துவரம்பருப்புச் சாம்பார். பாசிப்பருப்பில் வாயு உண்டாக்குகிற சர்க்கரை கொஞ்சம் குறைவு, அதனால் அது முதலில். துவரையை இரண்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். கொண்டைக்கடலைச் சுண்டலும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் இந்த ஒரு மாதம் வேண்டாம். அவை யார் வயிற்றிலும் வாயு உண்டாக்கும், நம் கணக்கைக் குழப்பிவிடும். டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தால் அதையும் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். அது சிலருக்கு வயிற்றைப் பிரட்டும், மலம் கறுக்கும். பால் குடித்துப் பார்க்கிற வாரத்தில் மாத்திரையைத் தொடங்கினால் எது எதனால் என்று சொல்லவே முடியாது. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குக் காபி கிட்டே வரக் கூடாது.

இந்த வாரத்திலேயே ஒரு நாற்பது பக்க நோட்டும் தொடங்கிவிடுங்கள். மணி, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, வயிறு எப்படி, மலம் எத்தனை முறை, எப்படி. வயிற்றுக்கு 0 முதல் 3 வரை ஒரு எண் போடுங்கள். 0 என்றால் வயிறு இருப்பதே தெரியவில்லை, 1 என்றால் தெரிகிறது, 2 என்றால் வேலையில் கவனம் போகவில்லை, 3 என்றால் பாத்ரூமைத் தேட வேண்டியதாயிற்று. 'இன்று கொஞ்சம் பரவாயில்லை' என்று எழுதினால் பத்து நாள் கழித்து அதற்கு அர்த்தம் இருக்காது. எண் இருந்தால் ஒப்பிடலாம். தூக்கம் கெட்ட நாள், வெளியில் சாப்பிட்ட நாள், ஓவர்டைம் நாள் இவற்றையும் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

இரண்டாவது கட்டம் பாலை நிறுத்துவது. இங்கேதான் நிறையப் பேர் தவறுவார்கள். காபியை நிறுத்தாதீர்கள், காபியில் இருக்கிற பாலை மட்டும் நிறுத்துங்கள். அதே நேரம், அதே டிக்காஷன், வெல்லமோ சர்க்கரையோ போட்டு வரக்காபி. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், காபிக்கே குடலை முடுக்கிவிடும் குணம் உண்டு, முக்கியமாக விடியற்காலை வெறும் வயிற்றில். நீங்கள் காபியையும் பாலையும் சேர்த்து நிறுத்தி வயிறு சரியானால் யாருக்கு நன்றி சொல்வது? வரக்காபி குடித்தும் வயிறு அமைதியானால் பால்தான் குற்றவாளி. வரக்காபியிலும் காலையில் இரண்டு முறை ஓடினால் காபியையும், அதை வெறும் வயிற்றில் குடிக்கிற நேரத்தையும் விசாரிக்க வேண்டும்.

மறைந்திருக்கும் பாலைப் பாருங்கள். பிஸ்கட், ரொட்டி, சாக்லேட் பாக்கெட்டுகளில் மில்க் சாலிட்ஸ், வே பவுடர், ஸ்கிம்டு மில்க் பவுடர் என்று இருந்தால் அதில் லாக்டோஸ் உண்டு. லாக்டிக் ஆசிட், கால்சியம் லாக்டேட் என்றிருந்தால் பயப்பட வேண்டாம், பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம், தாராளமாகத் தொடருங்கள். வேறு நோய்க்காகச் சாப்பிடும் மாத்திரையில் துளி லாக்டோஸ் இருக்கலாம், அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நம் ஊருக்கென்று ஒரு பொறி இருக்கிறது, ஆற்காடு மக்கன் பேடா. அதன் மாவில் கோவா இருக்கிறது. ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் ஏறக்குறைய 200 கிராம் கோவா கிடைக்கும். அப்படியானால் 20 கிராம் கோவா என்பது 100 மில்லி பால். ஒரு பேடாவில் 10 கிராம் கோவா என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கல்யாணத்தில் இரண்டு பேடா சாப்பிட்டால் கிட்டத்தட்ட ஒரு காபியின் பாலையோ அதற்கு மேலோ குடித்த மாதிரி.

அந்த மூன்று வாரத்தில் பால் தந்த சத்தை எதில் எடுப்பது? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் கணக்கு. நீங்கள் முன்பு குடித்த இரவுப் பாலும் காபிப் பாலும் தயிரும் சேர்ந்து அரை லிட்டர் பாலுக்குச் சமம் என்றால், அதில் மட்டும் 600 வந்துகொண்டிருந்தது. அதை ஈடுகட்ட நம் வட ஆற்காட்டுச் சமையலிலேயே வழி இருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம். ஒரு கூழோ களி உருண்டையோ 60 கிராம் மாவு என்றால் 200-க்கு மேல். தோல் நீக்காத எள்ளை வறுத்துப் பொடித்து இட்லிக்கு மூன்று டீஸ்பூன் தொட்டுக்கொண்டால் இன்னும் ஏறக்குறைய நூறு. முருங்கைக்கீரை ஏறக்குறைய 50 கிராம் எடுத்தால் 150 தரும். ஐநூறை நெருங்கிவிடுகிறோமா? மிச்சம் முட்டை, பருப்பு, காய்களில் வரும். பாலக் கீரையை இதற்கு நம்பாதீர்கள். அதில் கால்சியம் இருந்தாலும் கீரையிலேயே இருக்கிற ஆக்சலேட் என்ற பொருள் அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும், உடம்புக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் கேழ்வரகு பழக்கமில்லாதவர் என்றால் பாலை நிறுத்தும் அன்றே பெரிய களி உருண்டையில் தொடங்காதீர்கள். அதன் நார்ச்சத்தே வயிற்றை உப்பவைத்துவிடும். முதல் கட்ட வாரத்திலேயே ஒரு டம்ளர் கூழில் தொடங்கிப் பழகிவிடுங்கள். அந்தக் கூழில் மோர் ஊற்றாமல் சின்ன வெங்காயமும் உப்பும் போட்டுக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். பி12-க்கு தினம் ஒரு முட்டை அப்படியே தொடரட்டும். அது முழுத் தேவையையும் தராது. அளவு ஏற்கெனவே குறைவு என்று ரத்தத்தில் வந்தால் டாக்டர் மாத்திரையோ ஊசியோ தருவார், உணவால் சரிக்கட்ட முயலாதீர்கள். கால்சியத்துக்கு இன்னும் எளிய வழி, கடைகளில் கிடைக்கிற லாக்டோஸ் ஃப்ரீ பால். அதில் கால்சியமும் புரதமும் பி12-ம் அப்படியே இருக்கும், லாக்டோஸ் மட்டும் ஏற்கெனவே உடைக்கப்பட்டிருக்கும். விலை அதிகம், ஆனால் மூன்று வாரம்தானே.

மூன்றாவது கட்டம்தான் உண்மையான சோதனை. நிறுத்தியதும் சரியாவது எதையும் நிரூபிக்காது. மனசு ஒரு புதுப் பழக்கத்தை நம்பினாலே வயிறு கொஞ்சம் அடங்கும். திரும்பக் கொடுத்ததும் திரும்ப வருகிறதா என்பதைத்தான் நம்ப வேண்டும்.

முதலில் தயிர். மதியச் சோற்றில் மூன்று நாள், முதல் நாள் இரண்டு கரண்டி, பிறகு அரைக் கிண்ணம். பெரும்பாலானோர் இதில் தேறிவிடுவார்கள். தேறிவிட்டால் தயிரை உடனே நிரந்தரமாகச் சாப்பாட்டில் வைத்துவிடுங்கள். அப்புறம் பால். காபியில் அல்ல, தனிப் பால். வேலையிலிருந்து வந்து டிபன் சாப்பிட்ட பிறகு இரவு ஏழு மணிக்குக் குடியுங்கள். லாக்டோஸ் தொந்தரவு பொதுவாக அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் தொடங்கும், சிலருக்கு இன்னும் சில மணி தாமதமாகும். வீட்டில் இருக்கும்போதே தெரிந்துவிடும், மறுநாள் பஸ்ஸுக்கும் பயமில்லை. முதல் இரவு 50 மில்லி, இரண்டாம் இரவு 100, மூன்றாம் இரவு 200. எண்ணை அன்று இரவும் மறுநாள் காலையும் எழுதுங்கள். எந்த அளவிலாவது 2 அல்லது 3 வந்தால் அங்கேயே நிறுத்தி, வயிறு பழையபடி ஆகும்வரை இரண்டு மூன்று நாள் விட்டு, அதே அளவை இன்னொரு முறை குடித்துப் பாருங்கள். இரண்டு முறையும் வந்தால்தான் அது முடிவு.

முடிவு தெளிவாக இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு இரவு, இரண்டில் சாதாரணப் பால், இரண்டில் லாக்டோஸ் ஃப்ரீ பால். எந்த இரவு எது என்று அவர் மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கட்டும், உங்களுக்குத் தெரியக் கூடாது. லாக்டோஸ் ஃப்ரீ பால் கொஞ்சம் தித்திக்கும் என்பதால் எல்லா இரவிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் ஏலக்காயும் போடச் சொல்லுங்கள். ஐந்தாம் நாள் அவர் தாளையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு வகைப் பாலுக்கும் ஒரே எண் வந்திருந்தால் பால்மீது பழி போட முடியாது.

வாணியம்பாடியில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணியின் நோட்டு நினைவுக்கு வருகிறது. 41 வயது, உங்களைப் போலவேதான் வந்தார். பாலை நிறுத்திய ஒன்பதாம் நாள் அவர் நோட்டில் திடீரென்று ஒரு 3. ஏன் என்று பார்த்தால் ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஆற்காட்டில் நிச்சயதார்த்தம்' என்று இருந்தது. சாப்பாட்டுப் பத்தியில் பேடாவே இல்லை. கேட்டதும், 'அது ஸ்வீட்தானே மேடம், பால் இல்லையே' என்றார். அந்த வாரத்தை விட்டுவிட்டு மறுபடி எண்ணினோம். பிறகு மாலையில் பால் குடித்துப் பார்த்தார். 50 மில்லிக்கு 0. 100 மில்லிக்கு 0. 200-க்கு 1, கொஞ்சம் கடமுடா, அவ்வளவே. 'அப்ப பால் இல்லையா?' என்று குழம்பிப்போனார். அதே 200 மில்லியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னேன். 40 நிமிடத்தில் 3. மறு ஞாயிறும் அப்படியே. இன்னொன்றும் தெரிந்தது. நிறுத்த நாட்களில்கூட விடியற்காலை ஐந்து மணி வரக்காபிக்குப் பின் ஒருமுறை கூடுதலாகப் போயிருந்தார். ஆக, அவருக்குப் பால் ஆகாது என்பதில்லை. வெறும் வயிற்றில் நிறையப் பால் ஆகாது, வெறும் வயிற்றில் காபியும் ஆகாது. காபியை இரண்டு இட்லிக்குப் பின்னால் தள்ளினார், பாலை 100, 100 ஆகப் பிரித்தார், மதியம் தயிர். எதையும் நிரந்தரமாக விடவில்லை.

இப்படித்தான் பெரும்பாலும் முடியும். லாக்டோஸ் செரிக்காதவர்களில் பலரும் ஒரு நேரத்தில் 12 கிராம் வரை, அதாவது ஒரு டம்ளர் பால் வரை, சாப்பாட்டோடு எடுத்தால் பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள். நாம் தேடுவது உங்களுடைய அந்த எல்லைக்கோடு எங்கே என்பதைத்தான்.

வேறு மாதிரியும் முடியலாம். பாலைச் சுத்தமாக நிறுத்திய இரண்டு வாரத்தில் எண்கள் குறையவே இல்லையென்றால் பால் காரணமில்லை. அன்றைக்கே பாலைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், 'இருக்கட்டும், நல்லதுதானே' என்று நீட்டிக்காதீர்கள். அப்போது அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள், எரிச்சல் குடல் மாதிரி வேறு காரணங்கள் இருக்கின்றன. வெங்காயம், பூண்டு, பருப்பு வகைச் சர்க்கரைகளைக் குறைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, அதை உணவியலாளர் துணையில்லாமல் செய்யாதீர்கள். நிறுத்தியதும் சரியாகி, திரும்பக் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் பேதியால் உரிந்த குடல் தோல் வளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதுவும் நல்ல செய்திதான், பாலுக்குத் திரும்பிவிடுங்கள். வீட்டுச் சோதனையில் மனம் திருப்தியடையாவிட்டால் மூச்சுக்காற்றில் ஹைட்ரஜனை அளக்கிற பரிசோதனை இருக்கிறது, பெரிய மருத்துவமனைகளின் குடல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். ஆனால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று மட்டும்தான் அது சொல்லும், உங்கள் இரவு டம்ளரில் எத்தனை மில்லி ஊற்றலாம் என்பதை உங்கள் நோட்டுதான் சொல்லும்.

மாமியாரிடம், சீலியாக் முடிவு வரும்வரை சப்பாத்தி நிற்காது என்று சொல்லிவிடுங்கள். அவர் உதவ நினைத்தால் எள்ளுப்பொடி இடித்துத் தரட்டும், கேழ்வரகைக் கூழுக்கு முந்தின இரவே கரைத்துப் புளிக்கவைக்கட்டும். ஃபெரிட்டினும் பி12-ம் வந்ததும் அந்த எண்களையும், முதல் வார நோட்டுப் பக்கங்களையும் எனக்கு எழுதுங்கள். தனிப் பால் சோதனையைத் தொடங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.